அடைக்கலராஜ் சேர்த்த ஒரு வரி

அடைக்கலராஜ் நல்ல மனிதர். கைலாசபுரம் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அடுத்தவர் எழுதியதைச் சும்மா விடமாட்டார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர் காபி குடித்து முடிப்பதற்குள் அதில் நாலு இடத்தில் பேனா போட்டுவிடுவார். பங்குக் கோயில் அறிவிப்புப் பலகையில் பாதிரியார் எழுதிய வாக்கியத்தையே திருத்திப் பேச்சு வாங்கியிருக்கிறார். மனைவி ரோசரி உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிறந்தநாள் வாழ்த்துப் போட முடியாது, எட்டிப் பார்ப்பார்.

"ஏங்க, உங்க வாழ்த்தை நீங்க அனுப்புங்க. என் வாழ்த்தை நான் அனுப்பிக்கிறேன்" என்பாள் ரோசரி.

இதில் வேடிக்கை என்னவென்றால், பாய்லர் ஆலையில் அவர் பார்க்கும் வேலைக்கும் இந்தக் குணத்துக்கும் சம்பந்தமே இல்லை. பாய்லர் குழாய்களை வெல்டிங் செய்து இணைத்த பிறகு, உள்ளே சரியாகப் பிடித்திருக்கிறதா என்று ஊடுகதிர் வைத்துப் படம் எடுப்பார்கள். அந்த ஃபிலிமை இருட்டு அறையில் விளக்குப் பெட்டி மேல் வைத்துப் பார்த்துச் சொல்வதுதான் அடைக்கலராஜின் உத்தியோகம். உலோகம் குறைந்த இடம் ஃபிலிமில் கறுப்பாக விழும். எந்த இடத்தில், எவ்வளவு நீளம், என்ன மாதிரிக் குறை என்று குறித்துக் கொடுப்பார். அதோடு அவர் வேலை முடிந்தது. எந்த வெல்டரின் நம்பர் அந்த ஜாயிண்டில் இருக்கிறதோ அவரே வந்து அந்த இடத்தைத் தோண்டி எடுத்து மறுபடி வெல்டிங் வைப்பார். திரும்பவும் படம் எடுப்பார்கள். முப்பது வருஷ சர்வீஸில் அடைக்கலராஜ் வெல்டிங் டார்ச்சைக் கையால் தொட்டதில்லை. தொட வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை.

அவர் குறித்துக் கொடுத்த இடங்களைத் தோண்டித் தோண்டியே சிநேகிதனானவன் வெல்டர் அம்மாசி. தொட்டியத்துக்காரன். பேச்சு குறைவு, கை சுத்தம். முதல் வருஷத்தில் இரண்டு பேருக்கும் ஒரு ஜாயிண்ட் விஷயமாக வாய்த்தகராறு வந்து, மறுநாள் ஒரே பெஞ்சில் டீ குடித்தார்கள். அன்றிலிருந்து இன்று வரைக்கும் அந்த டீ நிற்கவில்லை.

போன ஆடி மாதம் குடியிருப்பின் வாசிப்பு வட்டம் ஒரு புத்தகம் போட முடிவு செய்தது. வட்டத்தை நடத்துபவர் இளவேனில் டீச்சர். உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையில் மறக்க முடியாத ஒன்றை எழுத வேண்டும். எழுதியதை ஒரு நண்பரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டுவிட்டுத் தர வேண்டும். அம்மாசி நாலு பக்கம் எழுதி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து அடைக்கலராஜிடம் நீட்டினான்.

"நீதான்யா பாக்கணும். எனக்கு எழுத்தெல்லாம் வராது" என்றான்.

தங்கை வீரம்மாளைப் பற்றி எழுதியிருந்தான். அம்மாசி அப்ரண்டிஸாக இருந்த காலத்தில் ஸ்ரீரங்கத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தான். தங்கை ஊரிலிருந்து பார்க்க வந்தாள். அம்மா மண்டபம் படித்துறைக்குக் குளிக்கப் போனார்கள். காவிரியில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர். அங்கேதான் அவள் போனாள். உடம்பு கிடைக்கவே இல்லை. இவ்வளவும் அடைக்கலராஜுக்கு முன்பே மேலோட்டமாகத் தெரியும். அம்மாசி வாய் திறந்து சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை.

படித்தபோது நெஞ்சு அடைத்தது என்னவோ உண்மை. ஆனால் கை சும்மா இருக்குமா? முக்கியமான இடத்தில் அம்மாசி இப்படி எழுதியிருந்தான்: 'வீரம்மா குளிக்கப் படியில் இறங்கினாள். அப்புறம் அவளைக் காணோம். போலீஸ் வந்தது.'

இவ்வளவு பெரிய துக்கத்தை இப்படியா மொட்டையாகச் சொல்வது என்று அடைக்கலராஜுக்கு ஆற்றாமையாக இருந்தது. கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்துகொண்டே சரிசெய்தார். இங்கே ஒரு வார்த்தை, அங்கே ஒரு வார்த்தை. அந்த இடத்துக்கு வந்ததும் ஒரு முழு வரியையே சேர்த்தார்: 'தண்ணீருக்கு முந்தின படியில் நின்று, இடது தோளுக்கு மேலாக ஒரு முறை திரும்பி என்னைப் பார்த்தாள், போய் வருகிறேன் என்பது போல.' அதன் பின்னால் 'அவள் கம்மல் வெயிலில் மின்னியது' என்றும் எழுதினார். சினிமா மாதிரி இருக்கிறதே என்று கம்மல் வரியை மட்டும் அழித்துவிட்டார். திருப்தியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்தில் அம்மாசி அந்தத் தட்டச்சுத் தாளைப் படித்தான். திரும்பிப் பார்த்த வரி வந்ததும் குரல் கம்மி நின்றுவிட்டான். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடைக்கலராஜ் பெருமையை வெளியே காட்டாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒரு வாரம் கழித்து டீ பெஞ்சில் அம்மாசி தானாகவே பேச்செடுத்தான்.

"இத்தன வருஷமா எப்படிய்யா மறந்தேன்? திரும்பிப் பாத்தா. அப்படியே கண்ணுக்குள்ள நிக்குது. இடது பக்கமாத்தான் திரும்புனா."

அடைக்கலராஜ் டீ டம்ளரைக் கீழே வைத்தார். அது நான் எழுதினது என்று சொல்ல வாயெடுத்தார். அம்மாசியின் முகத்தில் அவர் என்றுமே பார்த்திராத ஒரு தெளிவு இருந்தது. அதைக் கலைக்க மனசு வரவில்லை.

"ஊருக்குப் போயிருந்தேன். அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன்" என்று அம்மாசி தொடர்ந்தான். "அம்மா என்ன சொல்லுது தெரியுமா? ஆமாண்டா, திரும்பிப் பாத்தாளே, கம்மல்கூட வெயில்ல மின்னுச்சேங்குது."

"உங்க அம்மா அன்னைக்கு அங்க இருந்தாங்களா?"

"இல்ல. தொட்டியத்துலதான் இருந்துச்சு."

பகல் வெளிச்சம், சுற்றிலும் ஆள் நடமாட்டம், ஷிப்ட் சங்கு ஊதுகிற சத்தம். அத்தனைக்கும் நடுவில் அடைக்கலராஜுக்குக் கையில் மயிர் குத்திட்டு நின்றது. கம்மல் வரியை அவர் யாருக்கும் காட்டவில்லை. அழித்தது அவருக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்கும் மட்டும்தான் தெரியும்.

ஆவணியில் உடன் வேலை பார்ப்பவர் வீட்டு நிச்சயதார்த்தம் ஸ்ரீரங்கத்தில் நடந்தது. சாப்பாடு முடிந்து வெளியே வந்தவரின் கால், பஸ் ஸ்டாப்புக்குப் போகாமல் அம்மா மண்டபத்துப் பக்கம் போனது. ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. உச்சி வெயில். காலையில் திதி கொடுக்க வந்த கூட்டம் கலைந்துவிட்டிருந்தது. எள்ளும் பிண்டமுமாகச் சிதறிக் கிடந்த படிகளில் ஒரு ஆடு வாழை இலையைக் கடித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் நிறைய ஓடியது. ஆனால் சத்தமே இல்லை.

ஒரு பெண் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். பாவாடை தாவணி. இந்தக் காலத்தில் இந்த வயசுப் பெண்கள் தினப்படிக்கு யார் தாவணி போடுகிறார்கள் என்று அடைக்கலராஜ் நினைத்து முடிப்பதற்குள், தண்ணீருக்கு முந்தின படியில் அவள் நின்றாள். இடது தோளுக்கு மேலாகத் திரும்பினாள். காதில் ஒரு மின்னல்.

அவள் அவரைத்தான் பார்த்தாள். படித்துறையில் வேறு யாரும் இல்லை.

முகத்தைப் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அங்கே கண் இருந்ததா, மூக்கு எப்படி இருந்தது என்று பிறகு எவ்வளவு யோசித்தும் ஒன்றும் நிற்கவில்லை. அவர் தோளை எழுதினார், திரும்புவதை எழுதினார், கம்மலைக்கூட எழுதி அழித்தார். முகத்தை எழுதவில்லை. அது பஸ்ஸில் பாதி தூரம் வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அந்த வெயிலில் அவருக்குக் குளிர் நடுக்கம் எடுத்தது. வீட்டுக்கு வந்து படுத்தவருக்கு ரோசரி நெற்றியில் சிலுவை போட்டு, வெந்நீர் கொடுத்தாள்.

மறு வாரமும் போனார். பயந்தவன் ஏன் போக வேண்டும்? பொய்யாக இருந்துவிடாதா என்ற நப்பாசைதான். அதே படி, அதே தோள். இந்த முறை அவள் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவரிடம் கேட்பது போல இருந்தது.

அந்த வாரக் கடைசியில் அம்மாசி வீடு தேடி வந்தான். கண் உள்ளே போயிருந்தது. புத்தகம் அச்சுக்குப் போகப்போகிறது, டீச்சர் இன்னும் ஒரு பக்கம் சேர்த்து எழுதித் தரச் சொன்னாராம்.

"நீயே எழுதிடுய்யா. எனக்கு யோசிச்சா உன் வார்த்தைதான் வருது. வேற ஒண்ணும் வர மாட்டேங்குது."

"என்ன வர மாட்டேங்குது?"

"அவ என்னை ஒரு மாதிரி கூப்பிடுவா. வேற யாரும் அப்படிக் கூப்பிட மாட்டாங்க. என்ன பேருன்னு நேத்துலேர்ந்து மண்டைய ஒடைக்கிறேன், வரல. அவ பேசற மாதிரி நெனச்சா, போய் வருகிறேன்னு புஸ்தகத்துல பேசற மாதிரி பேசறா. எங்க வீட்டுல எவன்யா அப்படிப் பேசுவான்?"

சொல்லிவிட்டு அம்மாசி அழுதான். தங்கச்சி செத்தபோதுகூட அவள் என்னிடம்தான் இருந்தாள், இப்பத்தான் கையை விட்டுப் போகிறாள் என்றான்.

அடைக்கலராஜ் உடைந்துபோனார். எல்லாவற்றையும் சொன்னார். அந்த வரி தன்னுடையது, கம்மல் தன்னுடையது, திரும்பிப் பார்த்தது தன்னுடையது. படித்துறையை மட்டும் சொல்லவில்லை.

அம்மாசி கோபத்தில் எழுந்துவிட்டான். "இல்ல! அவ பாத்தா. நான் பாத்தேன். நீ வந்து இல்லேன்னு சொல்லுவியா?"

"உன் பேப்பர் எங்கிட்டதான் இருக்கு, அதுல இது இல்லய்யா. எடுத்துப் பாரு."

அம்மாசி பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

திங்கட்கிழமை ஃபிலிம் அறையில் அடைக்கலராஜ் விளக்குப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு ஜாயிண்டின் படம். நடுவில் ஒரு விரற்கடை நீளத்துக்குக் கறுப்பு. வெளியிலிருந்து பார்த்தால் மேல் பூச்சு வழவழவென்று இருக்கும், உள்ளே பொள்ளல். குறித்து எழுதப் பேனாவை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். 'அப்புறம் அவளைக் காணோம்.' அம்மாசி எழுதிய அந்த மொட்டை வரி, அதுதானே கறுப்பு? குறை இருக்கும் இடத்தை அவன் மறைக்காமல் காட்டியிருந்தான். குறித்துக் கொடுத்திருக்க வேண்டியவர், டார்ச்சைப் பிடுங்கி மேலே பூசிவிட்டார். இந்த ஆலையில் எவனாவது அப்படிச் செய்திருந்தால் அவன் சீட்டைக் கிழித்து அனுப்பியிருப்பார். தனக்கு மட்டும் அந்தப் புத்தி இருட்டு அறையோடு நின்றுவிட்டதே என்று தன்மேல் அவருக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் அல்ல.

வீட்டுக்கு வந்ததும் அம்மாசி கையால் எழுதிய நாலு பக்கத்தை எடுத்தார். தன் தட்டச்சை ஒதுக்கி வைத்தார். பேனாவை ரோசரியிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொல்லிவிட்டு, ஒரு பென்சில் எடுத்துக்கொண்டார். வரிகளுக்குள் கை நுழையக் கூடாது, ஓரத்தில் மட்டும்தான் என்று தனக்குத்தானே சட்டம் போட்டார். வாசித்தபோது தனக்கு என்ன ஆனதோ அதை மட்டும் குறித்தார். தொட்டியத்திலிருந்து வந்த பஸ்ஸில் தங்கச்சி மடியில் வாழைத்தார் பச்சைப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து வந்தது என்று அம்மாசி எழுதியிருந்தான். முதல் தடவை அதை இலக்கணமாக்குகிறேன் பேர்வழி என்று கெடுத்திருந்தார். இப்போது பக்கத்தில் ஒரு கோடு இழுத்து, 'படிக்கும்போது இந்த பஸ்ஸில் நானும் வந்தேன்' என்று எழுதினார். போலீஸ் வந்த இடத்தில் 'யார் கூப்பிட்டார்கள் என்று புரியவில்லை' என்று எழுதினார். அந்த மொட்டை வரிக்கு எதிரே 'இங்கே எனக்கு ஒன்றும் தெரியவில்லை' என்று மட்டும் எழுதினார்.

மறுநாள் டீ பெஞ்சில் நீட்டினார். அம்மாசி வாங்கிக்கொண்டான். வாங்குவான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"ரிப்பேரா?" என்றான் ஓரத்தைப் பார்த்து.

"ரிப்பேர்தான். உன் நம்பர் போட்ட ஜாயிண்டு. நீதான் வைக்கணும்."

"என்ன வைக்கறதுன்னு சொல்லேன்."

"அது எனக்கு எப்படித் தெரியும்? இருட்டா இருக்குன்னுதான் என்னால சொல்ல முடியும்."

இரண்டு நாளில் அம்மாசி மறுபடி எழுதி வந்தான். திரும்பிப் பார்த்தாள் என்றே எழுதியிருந்தான், தன் கையெழுத்தில். அடைக்கலராஜ் எதிரே பழையபடி எழுதினார்: 'இன்னும் தெரியவில்லை.' அடுத்த முறை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாமல், "அவ ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டுவிட்டார். உடனே அம்மாசி, "போய் வருகிறேன்னு சொன்னா" என்றான். சொன்ன மாத்திரத்தில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அது யாருடைய வார்த்தை என்று இருவருக்கும் தெரிந்தது. அடைக்கலராஜ் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவளைப் பற்றி என்ன கேட்டாலும் அதற்குள் ஒரு பதிலை வைத்துத்தான் கேட்க முடிகிறது என்று அவருக்குப் புரிந்தது.

"சரி, அவள விடு. நீ எங்க இருந்தே?" என்றார்.

டீ ஆறிப்போனது. அம்மாசி குடிக்காமலே எழுந்து போனான்.

அதன் பிறகு வார விடுமுறையில் அவன் ஸ்ரீரங்கம் போய் வருவதாக அவன் மனைவி வந்து ரோசரியிடம் சொன்னாள். படித்துறையில் உட்கார்ந்தால்தான் எழுத வருகிறதாம். அம்மாசிக்கும் அவள் தெரிகிறாளோ என்று அடைக்கலராஜ் பயந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாசி போன் செய்தான். "வாய்யா இங்க. முடிச்சுட்டேன்" என்றான்.

போகக் கூடாது என்று இருந்தது. போனார். அதே உச்சி வேளை. அம்மாசி மேல் படியில், தூண் நிழலில் உட்கார்ந்திருந்தான். ஒரே ஒரு தாளை நீட்டினான். அவன் எழுத்து எப்போதும் போலக் கோணல்மாணலாக இருந்தது.

'நான் படியில் உட்கார்ந்து சட்டைக்கு சோப்பு போட்டேன். ஆற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒருத்தர் ரேடியோவில் கிரிக்கெட் வைத்திருந்தார். கடைசி ஓவர். வீரம்மா மாசிண்ணே மாசிண்ணே என்று ரெண்டு தரம் கூப்பிட்டாள். இரு புள்ள என்றேன். திரும்பவில்லை. ஓவர் முடிந்து திரும்பினேன். அப்புறம் அவளைக் காணோம்.'

அடைக்கலராஜ் இரண்டு முறை படித்தார். பென்சில் சட்டைப் பையில் இருந்தது. 'உட்கார்ந்து' இரண்டு தரம் வர வேண்டுமா, கடைசி ஓவரை முன்னால் கொண்டுவரலாமா என்று கை பழக்க தோஷத்தில் ஒரு கணம் அரித்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார்.

"இப்ப தெரியுதா?" என்றான் அம்மாசி.

"தெரியுது. எல்லாம் தெரியுது. இதுல யாரும் கை வைக்க வேண்டாம், டீச்சர்கிட்டயும் நான் சொல்லிடறேன்."

"மாசிண்ணே. அந்தப் பேருதான். உக்காந்து எழுதறப்ப தானா வந்துச்சு." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நீ எழுதினது எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா? அதை வச்சுக்கிட்டே செத்துப் போயிருப்பேன்யா."

அப்போது ஆற்றின் சத்தம் நின்றது. அடைக்கலராஜுக்கு நிமிர்ந்து பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. பார்த்தார். தாவணி, பின்னல், முதுகு. தண்ணீருக்கு முந்தின படியில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அம்மாசி அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணில் வெறும் ஆறுதான் தெரிந்தது.

"ஒண்ணு கேட்டா சொல்லுவியா?" என்றான் அம்மாசி. "நான்தான் பாக்கல. அவ பாத்திருப்பா இல்ல? போறதுக்கு முன்னாடி ஒரு தடவயாவது திரும்பிப் பாத்திருப்பா, இல்லய்யா?"

படியில் நின்றவளின் இடது தோள் மெல்ல அசைந்தது. அவர் சொல்லப் போகும் வார்த்தைக்காக அது பாதியில் காத்து நின்றது. ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அவள் திரும்பிவிடுவாள். அம்மாசியும் அழுகையை நிறுத்திவிடுவான். பார்த்திருப்பாய்யா, கண்டிப்பா பார்த்திருப்பா. யார் வீட்டுத் துக்கத்திலும் யாரும் சொல்லக்கூடியதுதான். அடைக்கலராஜுக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சிநேகிதனுக்கு இதைக்கூடச் செய்யாதவன் என்ன மனுஷன் என்று அவர் மனசே அவரைத் திட்டியது.

"எனக்குத் தெரியாதுய்யா" என்றார். "நான் அங்க இல்ல."

அம்மாசி அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அடைக்கலராஜ் அவன் முதுகில் கை வைத்தபடி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அசைந்த தோள் பழையபடி நேரானது. அவள் யாருடைய முகத்தையும் பார்க்காமல், அடுத்த படியில் காலை வைத்து, தண்ணீரில் இறங்கிப் போனாள்.